ஒரே ரெஸ்யூம், இரண்டு விளம்பரம்: உங்கள் அனுபவம் என்ன?

கேட்டவர்: போன மாதம் இரண்டு பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்பினேன். ஒன்று 15 பேர் இருக்கும் ஸ்டார்ட்அப், இன்னொன்று பெரிய நிறுவனம். இருவரும் கேட்டது 4 வருட அனுபவம்தான். ஸ்டார்ட்அப்பில் மறுநாளே கூப்பிட்டார்கள், பெரிய இடத்திலிருந்து மூச்சே இல்லை.

இரண்டு விளம்பரத்தையும் பிரிண்ட் எடுத்து, ரெஸ்யூமைப் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். "ரீஃபண்ட் சர்வீஸைத் தனியாளாக எழுதி 6 வாரத்தில் லைவ் கொண்டுவந்தேன்" என்ற வரி ஸ்டார்ட்அப் விளம்பரத்தில் மூன்று இடத்தில் ஒட்டியது. மற்றதில் எங்குமே ஒட்டவில்லை. அங்கே கேட்டது ஜாவா, ஸ்பிரிங் பூட், மற்ற டீம்களோடு டிசைன் ரிவியூ, புரொடக்ஷன் சப்போர்ட். எல்லாமே அந்த ரீஃபண்ட் வேலையில் நான் செய்ததுதான், எழுதத்தான் இல்லை.

இரண்டாமவர்: விண்ணப்பங்களை வடிகட்டும் ஏடிஎஸ் மென்பொருள் தூக்கிப் போட்டிருக்கும். விளம்பரத்தில் உள்ள சொற்களை அப்படியே ஸ்கில்ஸ் பட்டியலில் சேருங்கள், போதும்.

ஆள் எடுப்பவர்: இரண்டு வகை இடத்திலும் ஆள் எடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை மென்பொருள் தானாக ஒதுக்குவது பெரும்பாலும் படிவத்தில் கேட்கும் ஆம், இல்லை கேள்விகளை வைத்துத்தான். அதன்பிறகு மனிதர்தான் பார்க்கிறார், சொல் போட்டுத் தேடுவார் என்பது உண்மை. ஆனால் தேடலில் வந்த ரெஸ்யூமைத் திறந்ததும், ஸ்பிரிங் பூட் எந்த வேலையில், எவ்வளவு காலம் என்று பார்ப்பேன். பட்டியலில் மட்டும் இருந்தால் அடுத்ததுக்குப் போய்விடுவேன். பெரிய இடத்தில் முதலில் படிப்பவர் கோட் எழுதுபவர் அல்ல. மேனேஜர் கொடுத்த கட்டாயத் தகுதிகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறார், நீங்கள் சொல்லாததை அவரால் ஊகிக்க முடியாது. ஸ்டார்ட்அப்பில் டெக் லீடே படிப்பதால் ரீஃபண்ட் என்றதும் அதன் சிக்கல் அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த ஒரு வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "ஜாவா, ஸ்பிரிங் பூட்டில் ரீஃபண்ட் சர்வீஸ் உருவாக்கினேன், மற்ற டீம்களோடு டிசைன் ரிவியூ நடத்தி, லைவ் ஆன பிறகு புரொடக்ஷன் சப்போர்ட் பார்த்தேன்." நீங்கள் செய்ததுதானே, பொய் இல்லை.

நான்காமவர்: ஸ்டார்ட்அப்புக்கே போய்விடுங்கள். நான் பெரிய இடத்தில் சேர்ந்து, முதல் மூன்று மாதம் லேப்டாப் பர்மிஷனுக்கே அலைந்தேன்.

கேட்டவர்: எங்கே போவது என்பது இல்லை சகோ, ஏன் ஒரு இடத்தில் மட்டும் எடுபட்டது என்பதுதான் என் கேள்வி. வரியை மாற்றிவிட்டேன். இன்னொரு குழப்பம்: என் பதவி "இன்ஜினியர் 2". விளம்பரத்துக்கு ஏற்ப "பேக்எண்ட் டெவலப்பர்" என்று போடலாமா?

ஆள் எடுப்பவர்: வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்திடம் பதவியும் தேதியும் கேட்பார்கள். பதவியை அப்படியே விட்டு, பக்கத்தில் "பேக்எண்ட்" என்று சேருங்கள்.

ஐந்தாமவர்: நான் மாற்றித்தான் போட்டேன், யாரும் கேட்கவில்லை. ஆனால் அது சின்ன இடம்.

கேட்டவர்: "தனியாளாக" என்ற சொல்லைப் பெரிய நிறுவனத்துக்கு எடுத்துவிடுவதா என்றுதான் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. அந்த 6 வாரமும் நான் ஒருத்தன்தான் எழுதினேன்.