போட்டோவைப் பார்த்து வாங்கின ஹிஞ்ச்: உங்களுக்கும் இப்படி ஆச்சா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
கிச்சன் மேல் கப்போர்டு. சாம்பார் பொடி டப்பா எடுக்கும்போது கதவு மேல் ஹிஞ்ச் துருப்பிடிச்சு கையோட வந்துடுச்சு. கதவைத் திறந்து நேரா நின்னு ஒரு போட்டோ எடுத்து ஆசாரி அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல போட்டேன். "ஆட்டோ ஹிஞ்ச்தானே தம்பி, பாரீஸ் கார்னர்ல வாங்கிட்டு வந்துடறேன்"னாரு. சாயங்காலம் ரெண்டையும் மாட்டினாரு. ஹிஞ்சோட வட்டக் கப் கதவுல இருந்த பழைய குழியில கச்சிதமா உக்காந்துச்சு. கதவை மூடினா டக்குனு பக்கத்துக் கதவு மேல இடிக்குது! ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தாரு, ஒரு நூல் நகர்ந்துச்சு, அவ்ளோதான். கழட்டின கீழ் ஹிஞ்சை எடுத்து புதுசு பக்கத்துல படுக்க வச்சப்பதான் தெரிஞ்சது: பழசோட கை லேசா வளைஞ்சிருக்கு, புதுசு நேரா இருக்கு. போட்டோவுல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா இருந்துச்சுங்க.

வியாசர்பாடி மணி:
இதுக்குத்தான் ஹிஞ்ச் மேல அடிச்சிருக்கிற நம்பரைப் போட்டோ எடுக்கணும். அதை வச்சு எந்தக் கடையிலும் வாங்கலாம். சிம்பிள். எனக்கு ஒருதடவை அப்படித்தான் கிடைச்சது.

தண்டையார்பேட்டை லதா:
என் கதை ஹேண்டில். ஒண்ணு உடைஞ்சது, போட்டோவோட டேப் வச்சு 6 இன்ச்னு எழுதி அனுப்பினேன். நான் அளந்தது முனைக்கு முனை. கடையில அவங்க கணக்கு ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவுல. என்னோடது 128 மில்லிமீட்டர், வந்தது 160. ஆசாரி கேக்காம புது ஓட்டை போட்டுட்டாரு. பழைய ஓட்டை இன்னும் கண்ணு மாதிரி என்னைப் பார்த்துட்டே இருக்கு. எம்-சீல் வச்சும் சன்மைக்கா கலர்ல சேரல.

ராயபுரம் ஆசாரி மகன்:
மணி அண்ணே, நம்பர் எல்லாத்துலயும் இருக்காது. நிறைய ஹிஞ்ச்ல கம்பெனி பேரு மட்டும்தான், லோக்கல் சரக்குல அதுவும் இல்ல. கொருக்குப்பேட்டை தம்பிக்கு நடந்தது கிராங்க் பிரச்சினை, அதாவது ஹிஞ்ச் கையோட வளைவு. நடுப்பலகை ஒண்ணே, அதுல ரெண்டு பக்கமும் கதவு நின்னா பலகையை ஆளுக்குப் பாதி மூடணும். அதுக்கு 8 கிராங்க். ஓரக் கதவு பலகையை முழுசா மூடும், அது 0 கிராங்க், கை நேரா இருக்கும். கதவு பெட்டிக்குள்ளயே உக்காந்தா 15 கிராங்க்னு கேப்போம், கை நல்லா கூன் போட்டிருக்கும். இவருக்கு 8 இருக்க வேண்டிய இடத்துல 0 மாட்டினதால கதவு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அடுத்தவன் பக்கம் ஏறிடுச்சு. அட்ஜஸ்ட் ஸ்க்ரூ அதுக்குப் பத்தாது.

நேரா எடுத்த போட்டோவுல இந்த வளைவு தெரியவே தெரியாது. கழட்டி மேஜையில படுக்கப்போட்டு, பக்கவாட்டுல கேமராவை இறக்கி எடுங்க. கழட்ட வேணாம்னா கதவை மூடிட்டு, பலகை விளிம்பை எவ்வளவு மூடுதுன்னு பென்சில் கோடு போட்டு, திறந்து அந்தக் கோட்டைப் போட்டோ எடுங்க. எங்கப்பாவுக்கு அந்தக் கோடு போதும். ஸ்கேல் வைக்கும்போது பொருளோட அதே மட்டத்துல வைங்க. கப் உயரமா, ஸ்கேல் கீழே கிடந்தா 35 மில்லிமீட்டர் கப் 37 மாதிரி காட்டும். போனைக் கிட்டக் கொண்டு போகாம, தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க.

வியாசர்பாடி மணி:
தம்பி, நான் நம்பர் இருந்தாதான்னு சொன்னேன்.

ராயபுரம் ஆசாரி மகன்:
அண்ணே, மேலே போய் படிச்சுப் பாருங்க, "இருந்தா"ன்னு எங்கயும் இல்ல.

பெரம்பூர் ரிட்டயர்டு:
டிராயர் சேனலுக்கும் இதே கதையா? என்னோடது முழுசா இழுத்து அளந்தா 36 இன்ச் வருது. கடைக்காரர் அப்படி ஒண்ணே இல்லைங்கறார்.

தண்டையார்பேட்டை லதா:
சார், உள்ளே தள்ளி மூடின நீளம்தான் சைஸ். உங்களது 18 இன்ச்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
8 கிராங்க் வாங்கி மாட்டியாச்சு, கதவு இப்ப இடிக்கல. ஆனா கப் பக்கத்துல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை பழசோட சேரல. ஓட்டைக்கு ஓட்டை பழசு 52 மில்லிமீட்டர், புதுசு 48. புது ஓட்டை பழசுக்குள்ளயே பாதி விழுது, கதவு பார்ட்டிகிள் போர்டு வேற.

வியாசர்பாடி மணி:
தீக்குச்சியை ஃபெவிகால்ல தொட்டு ஓட்டையில அடைச்சு முறுக்குங்க. வருஷக்கணக்கா நிக்குது.

ராயபுரம் ஆசாரி மகன்:
பிளைவுட்ல நிக்கும். பார்ட்டிகிள் போர்டுல, அதுவும் ஸ்டவ்வு ஆவி படுற இடத்துல, எனக்கு நம்பிக்கை இல்ல. 52 உள்ள ஹிஞ்சே தேடுங்க.

வியாசர்பாடி மணி:
என் வீட்டுல பார்ட்டிகிள் போர்டுதான் தம்பி. வந்து பாருங்க.