வீட்டு வாடகை விளம்பரம்: 24 சொல்லை எப்படிக் குறைப்பது?

செல்வி, செந்தூல்:
அப்பாவின் தரைவீட்டை வாடகைக்கு விடத் தமிழ் நாளிதழில் வரி விளம்பரம் போடப் போகிறேன். 15 சொல் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் சொல்லுக்கு 2 வெள்ளியாம். நான் எழுதியது இது:

"செந்தூலில் அழகான, காற்றோட்டமான, விசாலமான வரிசை வீடு வாடகைக்கு விடப்படும். மூன்று படுக்கை அறைகள், இரண்டு குளியலறைகள் உண்டு. எல்.ஆர்.டி நிலையம் அருகில். வாடகை நியாயமான விலையில். விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்:" அப்புறம் என் கைப்பேசி எண்.

எண்ணோடு 24 சொல். 18 வெள்ளி கூடுதல். எதை வெட்டலாம்?

ராஜன்:
சொற்களை ஒட்டி எழுதுங்கள். "3அறை2குளியலறை" என்றால் ஒரே சொல்தான்.

மணியம் அண்ணன்:
தம்பி சொல்வது பாதி சரி. "3அறை" வரை விளம்பர முகப்பில் ஒரே சொல்லாக விடுவார்கள். நீளமாக ஒட்டினால் பிரித்து எண்ணுவார்கள். எண்ணாமல் விட்டாலும், அந்தக் குறுகிய பத்தியில் சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும், யாரும் படிக்க மாட்டார்கள்.

செல்வி, முதலில் பத்தியின் தலைப்பைப் பாருங்கள். மேலே "வீடு வாடகைக்கு" என்று இருந்தால் அதைத் திரும்ப எழுதுவது வீண் செலவு. எண் இருக்கும்போது "விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்" எதற்கு? அழகான, விசாலமான எல்லாம் எல்லோரும் போடுவது, நேரில் வந்து பார்க்கத்தானே போகிறார்கள். "நியாயமான விலை"தான் பெரிய நட்டம். தொகை இல்லாவிட்டால் அதைக் கேட்கவே நாள் முழுக்க அழைப்பு வரும்.

பட்டர்வொர்த் அக்கா:
வாடகை எவ்வளவு தங்கச்சி? என் அக்கா மகனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது.

மணியம் அண்ணன்:
பார்த்தீர்களா, முதல் அழைப்பு இங்கேயே வந்துவிட்டது.

செல்வி, செந்தூல்:
1,500 வெள்ளி அக்கா, ஜூன் முதல். தளவாடம் எதுவும் கிடையாது. இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்பணம். "இந்தியக் குடும்பம்" என்று சேர்க்கவா?

மணியம் அண்ணன்:
தமிழ்ப் பேப்பரைப் படிப்பவர் வேறு யார்? அதற்கு 4 வெள்ளி கொடுக்காதீர்கள். இப்படிப் போடுங்கள்:

"செந்தூல், எல்.ஆர்.டி. அருகில், தரைவீடு, 3 அறை, 2 குளியலறை, தளவாடமின்றி, 1,500 வெள்ளி, 2+1, ஜூன் முதல்." கடைசியில் உங்கள் எண்.

இலக்கங்களைத் தனித்தனியாக எண்ணினாலும் சரியாக 15. கைப்பேசி எண்ணை இடைவெளி விடாமல் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் இரண்டு சொல்லாகிவிடும்.

ராஜன்:
மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வைப்புத்தொகை வாங்குவீர்கள்தானே? "2+1" என்று மட்டும் போட்டால் ஒப்பந்தத்தன்று "பேப்பரில் இல்லையே" என்பார்கள். எனக்கு நடந்தது. "2+1+½" என்று போடுங்கள்.

மணியம் அண்ணன்:
அது நல்ல யோசனை. ஆனால் ½ அச்சில் சில நேரம் தெளிவாக விழாது, "12" என்றுகூடத் தெரியும். நானாக இருந்தால் அதைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்வேன்.

ராஜன்:
தொலைபேசியில் சொன்னதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் அண்ணே? "2+1+0.5" போடலாமே.

செல்வி, செந்தூல்:
அதை ஒரே சொல்லாக எண்ணுவார்களா என்று முகப்பில் கேட்டுப் பார்க்கிறேன். அக்கா, உங்கள் பையனுக்குக் கார் உண்டா? வாசலில் ஒன்றுதான் நிறுத்தலாம்.