பாட்டு ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது, கையெழுத்தும் வாங்கியாச்சு. அப்புறமும் உரிமைச் சிக்கலா?

தறிச்சத்தம்:
ஓர் அறக்கட்டளைக்காக நெசவாளர்கள் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுத்தேன். ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தில் "தறி நிற்கிறது. பின்னணியில் பாரதியார் பாட்டு, 40 விநாடி" என்று, எந்த சினிமாவில் வந்த பதிவு என்பதையும் சேர்த்து எழுதியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். யூட்யூபில் ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. பாட்டை மாற்று, செலவு உன்னுடையது என்கிறார்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்கியும் இது என் தலையில் விழுமா? பாரதியார் பாட்டுக்கு யார் உரிமை கேட்க முடியும்?

கதைசொல்லி:
ஸ்கிரிப்டை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்தீர்களா? பதிவு எண் இருந்தால் யாரும் கை வைக்க முடியாது. என் கதையை ஒருவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது அந்தப் பதிவுதான் என்னைக் காப்பாற்றியது.

கட்டிங்மேசை:
நீங்கள் சொல்வது வேறு சங்கதி, தோழர். கதையை முதலில் எழுதியது யார் என்று காட்டத்தான் அந்தப் பதிவு உதவும். இங்கே இவருடைய எழுத்தை யாரும் எடுக்கவில்லை. இன்னொருவருடைய பாட்டை இவர் எடுத்திருக்கிறார்.

வெண்கலக்குரல்:
பாரதியார் மறைந்தது 1921-ல். 1949-ல் அரசே அவருடைய படைப்புரிமையை வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. கோரிக்கை போட்டவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆட்சேபணை போடு தம்பி, 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். அப்புறம், 40 விநாடிதானே? சின்னப் பகுதிக்கு வழக்கு நிற்காது என்று 2012-ல் டெல்லி உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கட்டிங்மேசை:
வெண்கலக்குரல் அண்ணா, வரிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் தம்பி எடுத்தது வரிகளை மட்டும் இல்லை. பாரதி எழுதிய வரி, அதற்கு இசையமைப்பாளர் போட்ட மெட்டு, அந்தப் படத்துக்காகப் பாடிப் பதிவு செய்த ஒலி என்று ஒரே பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது. வரி யாருக்கும் பொது. மெட்டுக்கு, இசையமைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1963-ல் வந்த பதிவென்றால் 2023 டிசம்பரோடு இந்தியாவில் காலாவதி. தம்பி, உங்கள் பாட்டு எந்த ஆண்டு?

தறிச்சத்தம்:
2000-க்குப் பிறகு வந்தது, அக்கா.

கட்டிங்மேசை:
அப்படியானால் மெட்டும் பதிவும் உயிரோடுதான் இருக்கின்றன. "பாரதியார் பாட்டு பொதுவுடைமை" என்று ஆட்சேபணை போடாதீர்கள். அவர்கள் கோருவது பதிவை. ஆட்சேபணையை நிராகரிப்பார்கள், மேல்முறையீடு செய்தால் வீடியோவையே நீக்கச் சொல்வார்கள். அப்போது சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

அந்த 2012 தீர்ப்பு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட்டின் ஓரிரு வரி வந்துபோனதைப் பற்றியது. இத்தனை விநாடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கேயும் கணக்கில்லை. உச்சக்காட்சிக்கு அடியில் மூலப்பதிவை 40 விநாடி ஓடவிடுவதை அதோடு ஒப்பிட நான் துணியமாட்டேன்.

வெண்கலக்குரல்:
லாபத்துக்கு எடுத்த படம் இல்லையே. அறக்கட்டளைக்காக, நெசவாளர்களுக்காக எடுத்தது. நியாயமான பயன்பாடு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறதே.

கட்டிங்மேசை:
இருக்கிறது. 52-வது பிரிவு சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று எதற்கெல்லாம் என்பதைச் சொல்கிறது. அந்தப் பாட்டையே விமர்சித்துப் படம் எடுத்திருந்தால் வாதாட இடம் உண்டு. துக்கத்தைக் கூட்டுவதற்காகப் பின்னணியில் போட்டது அதில் எங்கே சேரும்?

மணவறை கேமரா:
நான் 15 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டுதான். கோரிக்கை வரும், விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகும், வீடியோ அப்படியே இருக்கும். கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமம் வேண்டாம் என்று சட்டமே சொல்கிறதாமே. இவர் ஏன் பயப்பட வேண்டும்?

கட்டிங்மேசை:
மண்டபத்தில் பாட்டு ஒலிப்பதற்குத்தான் அந்த விலக்கு. காட்சியோடு பாட்டை ஒட்டி இணையத்தில் ஏற்றுவதற்கு அது வராது. கோரிக்கையோடு வீடியோ நிற்கிறதென்றால் உரிமையாளர் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார், அவ்வளவுதான். நாளைக்கே அமைப்பை மாற்றித் தடுக்கலாம். தம்பியின் படம் யூட்யூபோடு நிற்கவும் போவதில்லை. திரைப்பட விழாக்களுக்கு அனுப்பினால் இசை உரிமை உங்களிடம் இருக்கிறது என்று கையெழுத்துக் கேட்பார்கள். அங்கே எதைக் காட்டுவார்?

மணவறை கேமரா:
விழாவைப் பற்றி எனக்குத் தெரியாது. என் தொழிலில் பாட்டை எடுத்தால் ஆர்டரே வராது. இதற்கு ஒருவரும் வழி சொல்வதில்லை.

தறிச்சத்தம்:
அக்கா, இன்னும் ஒன்று புரியவில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? ஸ்கிரிப்ட் எழுத்துப்பூர்வமான ஆவணம்தானே?

கட்டிங்மேசை:
ஆவணம்தான். ஆனால் அதில் கையெழுத்துப் போட்டது யார்? அறக்கட்டளை. பாட்டு அவர்களுடையது இல்லை. தன்னிடம் இல்லாததை அவர்களால் எப்படிக் கொடுக்க முடியும்? "இப்படி ஒரு படம் எங்களுக்குச் சம்மதம்" என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

உரிமை தரும் கடிதம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, எத்தனை விநாடி, யூட்யூபா, விழாவா, தொலைக்காட்சியா, எந்தெந்த நாடு, எத்தனை வருஷம், எவ்வளவு கட்டணம் என்று இருக்கும். கீழே உரிமையாளரின் கையெழுத்து. சினிமாப் பாட்டு என்றால் மெட்டும் பதிவும் பெரும்பாலும் ஒரே இசை நிறுவனத்திடம் இருக்கும், ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் வரியில் எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, "40 விநாடி" என்பதைத் தவிர இதில் எதுவும் இல்லை.

காலம் குறிப்பிடாமல் எழுதி வாங்கினால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். என் படம் ஒன்றில் புல்லாங்குழல் வாசித்தவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன், இந்த இரண்டையும் எழுத மறந்துவிட்டேன். வெளிநாட்டு விழா ஒன்று கூப்பிட்டபோது மறுபடி அவரைத் தேடிப் போய்த்தான் கையெழுத்து வாங்கினேன்.

தறிச்சத்தம்:
அந்தக் காட்சியைப் பாட்டின் தாளத்துக்கே வெட்டியிருக்கிறேன். வேறு இசை உட்காராது.

கட்டிங்மேசை:
தற்காலிகமாகப் போட்ட பாட்டுக்கு வெட்டினால் எல்லோருக்கும் நடப்பதுதான். தறிச்சத்தமும் பேச்சும் தனித்தனி டிராக்கில் இருக்கிறதா?

தறிச்சத்தம்:
இருக்கிறது. ஒரு பாட்டியின் குரல் பாட்டுக்கு மேலே வருகிறது, அதுவும் தனியாகவே இருக்கிறது.

கட்டிங்மேசை:
அப்படியானால் ஒரு நாள் வேலை. பாரதியின் வரி உங்களுக்குப் பொதுவானதுதானே? அதே வரியைப் புது மெட்டில் ஒருவரைப் பாட வையுங்கள். சினிமா மெட்டை மட்டும் தொடக்கூடாது. மெட்டுப் போட்டவரிடமும் பாடியவரிடமும் காலம், நாடு, ஊடகம் எல்லாம் எழுதி வாங்குங்கள்.

வெண்கலக்குரல்:
சரி, பதிவு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செலவு முழுக்க அந்தத் தம்பி தலையில் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் பாட்டு என்று பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?

கட்டிங்மேசை:
அது ஸ்கிரிப்டில் தெரியாது, ஒப்பந்தத்தில்தான் தெரியும். "மூன்றாம் நபர் உரிமைகளைத் தயாரிப்பவரே பெற வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

தறிச்சத்தம்:
ஒப்பந்தமே போடவில்லை, அக்கா. மின்னஞ்சலில் தொகையும் தேதியும் மட்டும்தான் இருக்கிறது.

கட்டிங்மேசை:
அப்படியானால் பேசித்தான் ஆக வேண்டும். சேனல் அவர்களுடையதா? அவர்களே ஏற்றினார்களா?

தறிச்சத்தம்:
அவர்களுடைய சேனல். ஏற்றியதும் அவர்களே.

வெண்கலக்குரல்:
வெளியிட்டவர்களும் பொறுப்பாளிகள்தான். பாதிச் செலவைக் கேள், தம்பி.

தறிச்சத்தம்:
கேட்கிறேன் அண்ணா. அதற்கு முன்னால் வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவர் பஜனையில் பாடுவார். நாளைக் காலையில் அவரைப் பார்க்கப் போகிறேன்.