20 வெள்ளி நாள் சம்பளத்தில் 3,20,000 ரூபாய்க் கடன் எத்தனை மாதத்தில் அடையும்?

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வடக்குத் தெருத் தம்பி சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு வருவதற்காக முகவருக்குக் கொடுத்த 3,20,000 ரூபாயை எத்தனை மாதத்தில் அடைக்க முடியும் என்று மெல்பர்ன் அக்கா கேட்டிருந்தார்கள். சென்னை மாமா உடனே ஒன்பது மாதம் என்று பதில் எழுதிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தம்பியைப் பார்த்தேன். அவருடைய சம்பளச் சீட்டையும், வட்டிக்குக் கொடுத்தவர் அவருடைய அம்மாவிடம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டின் கைபேசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதில் எனக்குக் கிடைத்த விடை வேறு.

நாள் சம்பளம் 20 வெள்ளி, அதாவது 20 சிங்கப்பூர் டாலர், மாதம் 26 நாள், ஆக அடிப்படைச் சம்பளம் 520 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் கிடைத்தால் அதற்கு 245 வெள்ளி வரவேண்டும். மொத்தம் 765 வெள்ளியில் கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150, கைபேசி, சோப்பு, முடிவெட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து எல்லாம் சேர்த்து 60, பணம் அனுப்பும் கட்டணம் 5 என்று கழித்தால் மீதி 550 வெள்ளி. அன்றைய விலையில், வெள்ளிக்கு 64 ரூபாய் என்று வைத்தால், 35,200 ரூபாய் ஊருக்குப் போகும். மாமா 3,20,000 ரூபாயை இந்தத் தொகையால் வகுத்திருக்கிறார்கள், வகுத்தலில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் தம்பி வீட்டு அடுப்பும் எரிகிறது. அம்மா மிகச் சிக்கனமாகச் சொன்ன வீட்டுச் செலவே 12,000 ரூபாய். கடனுக்கு மிஞ்சுவது 23,200 ரூபாய்தான்.

மாமா கணக்கில் விட்டுப்போன இன்னொன்று வட்டி. கடனில் ஒரு லட்சம் நகை அடகு. அதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மீதி 2,20,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியது. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 7,600 ரூபாய் வட்டியே ஆகிறது. அதுவும் இங்கே வந்து இறங்கிய நாளில் தொடங்கவில்லை. பயிற்சி மையத்தில் சேர்ந்து ஸ்கில் டெஸ்ட் அடித்து, வேலை பெர்மிட்டுக்கு முன் ஒப்புதல் தரும் ஐபிஏ கடிதம் வருவதற்குக் காத்திருந்து, வந்தபின் முதல் மாதம் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கி அனுப்பியபோது கடன் வாங்கி நான்கு மாதம் முடிந்துவிட்டது. 30,400 ரூபாய் வட்டி நிலுவை. முதல் மாதம் அனுப்பிய பணம் அந்த நிலுவையைக்கூட முழுதாகத் தீர்க்கவில்லை. இரண்டாம் மாதத்தில்தான் அசலில் 8,400 ரூபாய் குறைகிறது.

இப்படியே மூன்று வட்டிக் கடனை முதலில் முடித்து, பிறகு நகையை மீட்பதாக மாதம் மாதமாக எழுதிப் பார்த்தேன். மூன்று வட்டிக் கடன் பதினான்காம் மாதத்தில் முடிகிறது. நகை பதினெட்டாம் மாதத்தில் வீட்டுக்கு வருகிறது. ஒரு மாதம்கூடத் தவறாமல் 60 மணி நேரம் ஓவர்டைம் கிடைத்தால்தான் இந்த 18 மாதம். ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை முடிந்து அடுத்த தளத்தில் தொடங்கும் இடைவெளியில் ஆட்கள் ஐந்து மணிக்கே டார்மிட்டரிக்குத் திரும்பிவிடுவதை, தளத்தில் நேரக் கணக்கு எழுதுகிற நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஓவர்டைம் பாதியாகி 30 மணி நேரமே கிடைத்தால் அதே கடன் அடைய 31 மாதம் ஆகிறது. தம்பியின் பெர்மிட் இரண்டு ஆண்டுக்குத்தான். ஓவர்டைமே இல்லாவிட்டால் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 7,520 ரூபாய், வட்டியைவிட 80 ரூபாய் குறைவு. கடன் அடையவே அடையாது. ஓவர்டைமைக் கூட்டிப் பார்த்து ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கவும் அதிக இடமில்லை, சட்டப்படி மாதம் 72 மணி நேரம்தான் உச்சம்.

சம்பளச் சீட்டில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. ஓவர்டைம் மணிக்கு 3.75 வெள்ளி என்று போட்டிருந்தார்கள். 20 வெள்ளியை எட்டு மணி நேரத்தால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் அந்தத் தொகை வரும். மனிதவள அமைச்சின் முறை அதுவல்ல. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். 520 வெள்ளிக்கு மணிக்கு 2.73 வருகிறது, ஒன்றரை மடங்கு 4.09. மணிக்கு 34 காசு சிறிதாகத் தெரியலாம். 60 மணி நேரத்துக்கு 20 வெள்ளிக்கு மேல். அது கைக்கு வராவிட்டால் 18 மாதம் 20 மாதமாகிவிடும். வேலையில் இருக்கும்போதே ஓராண்டுக்குள் இதற்குப் புகார் கொடுக்கலாம் என்று தம்பியிடம் சொன்னேன். பெர்மிட் புதுப்பிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துபாய் அண்ணன், தங்கள் நிறுவனம் விசாச் செலவு முழுவதையும் ஏற்றதால் முகவருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை என்று நீளமாக எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி, ஆனால் கேள்வி அதுவன்று. கடைசியில், வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் லெவியைத் தம்பி சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று கேட்டிருந்தது நல்ல கேள்வி. பிடிக்கவில்லை, பிடிக்கவும் கூடாது. அது முதலாளி கட்ட வேண்டியது. வேலை கொடுப்பதற்கோ பெர்மிட் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் கேட்பதும் இங்கே குற்றம்.

இவ்வளவு பெரிய தொகை சட்டப்படி சரியா என்று அக்கா கேட்டதற்கு என் பதில்: சிங்கப்பூர் முகவர் ஓராண்டுப் பெர்மிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாமல்தான் தொழிலாளியிடம் வாங்கலாம். தம்பிக்கு அது 1,040 வெள்ளி, ஏறத்தாழ 66,500 ரூபாய். இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வரம்பு உண்டு. தம்பி கொடுத்தது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடி அறையில், ரொக்கமாக, ரசீது இல்லாமல். ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் முகவர் கட்டணத்தில் பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்ற விதியும் சிங்கப்பூர் முகவர் வாங்கிய தொகைக்குத்தான். மாடி அறையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்கு இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

சங்க நிதியிலிருந்து வட்டியில்லாமல் ஒரு லட்சம் கொடுப்பதாக இருந்தால், அதை மூன்று வட்டிக் கடனில் கட்டினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி குறையும், நகையை மீட்டால் 1,000 ரூபாய்தான் குறையும். ஆனால் தை மாதத்தில் தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், நகை முதலில் வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள். கணக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, வீடு ஒரு பக்கம் இழுக்கிறது. அடுத்த மாதச் சம்பளச் சீட்டைத் தம்பி அனுப்பியதும், அதில் ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்று எழுதுகிறேன். அதற்குள் அக்காவும் மாமாவும் அம்மாவிடம் ஒருமுறை பேசிப் பார்த்தால் நல்லது.