ராத்திரி 12 தாண்டினால் ##### வருகிறது, நாள் மணி நிமிடம் எடுப்பது எப்படி?

நாமக்கல்_லோடு
அவசரம். வண்டி கேட்டுக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கழித்து, எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம் நின்றது என்று எடுக்க வேண்டும். பகலில் போய்ப் பகலில் வந்த வண்டிக்குச் சரியாக வருகிறது. ராத்திரி 12 தாண்டினால் வெறும் ##### தான். செல்லை அகலமாக இழுத்தால் இன்னும் நீளமாக ##### வருகிறது. மாலைக்குள் ஹால்டிங் பில் போயாக வேண்டும். பார்முலா மட்டும் சொன்னால் போதும்.

கட்டம்_கட்டி
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா? தேதியும் நேரமும் ஒரே செல்லில் இருக்கிறதா, தனித்தனியா? இப்போது போட்டிருக்கும் பார்முலா என்ன? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "பார்முலா மட்டும்" என்றால் யாரால் சொல்ல முடியும்?

ஷிப்ட்_மணி
நான் செக்யூரிட்டி ஆட்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவன். இரவு ஷிப்ட் எல்லாமே 12 மணி தாண்டும். கழித்தால் மைனஸ் வரும், மைனஸ் நேரத்தை எக்செல் காட்டாது, அதனால்தான் #####. இதைப் போடுங்கள், பல வருடமாக எனக்குத் தப்பியதே இல்லை:

```
=MOD(D2-B2,1)
```

நாமக்கல்_லோடு
எக்செல்தான். B-யில் உள்ளே போன நேரம், D-யில் வெளியே வந்த நேரம். நான் போட்டிருந்தது =D2-B2. ஷிப்ட்_மணி சார், உங்கள் பார்முலா வேலை செய்கிறது! 22:40-க்குப் போய் 05:15-க்கு வந்த வண்டிக்கு 6:35 வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆறாம்_விரல்
நன்றி சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த வண்டி மறுநாள் காலை 05:15-க்கே வெளியே வந்ததா? B, D என்கிறீர்களே, A-யிலும் C-யிலும் என்ன இருக்கிறது?

நாமக்கல்_லோடு
A, C இரண்டும் தேதி சார். 03/07/2025 உள்ளே, 06/07/2025 வெளியே.

ஆறாம்_விரல்
அப்படியானால் அந்த 6:35 தவறு. வண்டி 2 நாள் 6 மணி 35 நிமிடம் நின்றிருக்கிறது. 3-ம் தேதி 22:40-லிருந்து 5-ம் தேதி 22:40 வரை முழுதாக 2 நாள். அங்கிருந்து 6-ம் தேதி 05:15 வரை 6 மணி 35 நிமிடம். அந்த MOD முழு நாட்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் தருகிறது. ஷிப்ட் என்றால் 24 மணிக்குள் முடிந்துவிடும், அங்கே அது சரி. லாரிக்குச் சரிப்படாது.

##### வந்த வரிசைகளைவிட அது வராத வரிசைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 3-ம் தேதி 09:00-க்குப் போன வண்டி 5-ம் தேதி 11:00-க்கு வந்தால், உங்கள் பழைய பார்முலா அழகாக 2:00 என்று காட்டும். ஒரு எச்சரிக்கையும் இருக்காது. பகலில் போய்ப் பகலில் வந்தவை எல்லாம் சரி என்றீர்களே, அவற்றையும் மறுபடி பாருங்கள்.

எக்செல்லுக்குத் தேதி என்பது ஒரு முழு எண், நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். மதியம் 12 என்றால் 0.5. அதனால் இரண்டையும் கூட்டலாம், கூட்டிய பிறகு கழிக்கலாம்:

```
=(C2+D2)-(A2+B2)
```

ஷிப்ட்_மணி
தேதி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். நாளை எடுக்க =DATEDIF(A2,C2,"d"), மணிக்கு என்னுடைய MOD. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், முடிந்தது.

ஆறாம்_விரல்
அது 3 நாள் 6:35 என்று காட்டும், ஒரு நாள் கூடுதல். DATEDIF தேதியை மட்டும் பார்க்கும், நேரத்தைக் கண்டுகொள்ளாது. இரவு 23:50-க்கு உள்ளே போய் 00:10-க்கு வந்த வண்டிக்கும் 1 நாள் என்று சொல்லிவிடும். நின்றதோ 20 நிமிடம்.

ஷிப்ட்_மணி
ஹால்டிங் என்றாலே தேதிக் கணக்குதானே? 3, 4, 5, 6 என்று நாலு தேதி வண்டி மாட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவருக்கு நாலு நாள் படி கொடுக்க வேண்டும். 24 மணிக் கணக்கு யார் பார்க்கிறார்கள்?

வாடகை_ரசீது
எங்கள் பக்கம் 24 மணிக் கணக்குதான். கேட் என்ட்ரியிலிருந்து முதல் 24 மணி இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு 24 மணிக்கும் ஒரு நாள் ஹால்டிங், மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு நாள். இவருடைய வண்டிக்கு 24 மணி கழித்தால் 1 நாள் 6:35 மிச்சம், ஆக 2 நாள் பில். தேதிக் கணக்கில் போட்டு அனுப்பினால் பார்ட்டி அப்படியே திருப்பி அனுப்புவான்.

ஷிப்ட்_மணி
உங்கள் பார்ட்டி திருப்பி அனுப்புவான். ராத்திரி 11 மணிக்குப் போன வண்டிக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் ஒரு நாளாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டம்_கட்டி
இது எக்செல் இழை. ஹால்டிங் ஒப்பந்தத்துக்குத் தனி இழை போடுங்கள்.

நாமக்கல்_லோடு
சார், கூட்டிக் கழித்துப் பார்த்தேன். செல் பார்மட்டை d h:mm என்று வைத்தேன். அந்த வண்டிக்கு 31 6:35 வருகிறது. 31 நாளா? கீழே சில வரிசையில் #VALUE! வேறு.

கட்டம்_கட்டி
d என்பது நாட்களின் எண்ணிக்கை இல்லை, மாதத்தின் தேதி. 31-க்கு மேல் போகவே போகாது. இதுகூடத் தெரியாமல் பில் போடுகிறீர்கள்.

ஆறாம்_விரல்
அவர் சொன்ன விஷயம் சரி, ஆனால் 2 வர வேண்டிய இடத்தில் 31 வந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. பார்மட்டை [h]:mm என்று மாற்றி என்ன வருகிறது என்று சொல்லுங்கள். சதுர அடைப்பு இருந்தால்தான் 24-க்கு மேலும் மணி எண்ணும். சரியாக இருந்தால் 54:35 வர வேண்டும்.

நாமக்கல்_லோடு
2190:35

ஆறாம்_விரல்
சரி, பிடிபட்டது. 2190 மணி என்றால் 91 நாள் 6 மணி. மார்ச் 7 இரவிலிருந்து ஜூன் 7 காலை வரை எண்ணிப் பாருங்கள், அதே 91 நாள் 6:35 வரும். உங்கள் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. 03/07 என்று நீங்கள் ஜூலை 3-ஐச் சொல்கிறீர்கள், அது மார்ச் 7 என்று எடுத்துக்கொள்கிறது. 06/07 அதற்கு ஜூன் 7. மணியும் நிமிடமும் சரியாக இருந்து நாள் மட்டும் ஏறுக்கு மாறாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

#VALUE! வரும் வரிசைகளில் தேதி 13 அல்லது அதற்கு மேல் இருக்கும், பாருங்கள். 13-வது மாதம் கிடையாதே. அதனால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டிருக்கிறது. அவை செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், தேதியாக ஏற்றவை வலப்பக்கம் நிற்கும்.

இந்த ஷீட் எங்கிருந்து வந்தது?

நாமக்கல்_லோடு
கேட்டில் இருந்து மெயிலில் சிஎஸ்வி வரும். டபுள் கிளிக் செய்து திறப்பேன். ஆமாம், 13, 14, 18 எல்லாம் இடது பக்கம்தான் நிற்கிறது.

ஆறாம்_விரல்
அடுத்த முறை டபுள் கிளிக் வேண்டாம். டேட்டா மெனு வழியாக அந்தப் பைலை இறக்கி, தேதிப் பத்திகளுக்கு DMY என்று குறியுங்கள். இன்றைக்கு அவசரம் என்பதால், திறந்த ஷீட்டிலேயே திருத்த G2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

தவறாகத் தேதியானதற்கு நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும். எழுத்தாக நின்றதை வெட்டி எடுத்துத் தேதியாக்கும். H2-வில் A2 வரும் இடமெல்லாம் C2 வைத்து இதையே போடுங்கள். கேட் பைலில் நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால்தான் இது சரி வரும். 3/7/2025 என்று நேரடியாகக் கையால் அடித்த வரிசை இருந்தால் தனியாகப் பாருங்கள்.

அப்புறம் மொத்தத்தையும் முதலில் நிமிடமாக்குங்கள். I2-வில் நிமிடம், அடுத்த மூன்றில் நாள், மணி, நிமிடம்:

```
I2: =ROUND(((H2+D2)-(G2+B2))*1440,0)
J2: =INT(I2/1440)
K2: =INT(MOD(I2,1440)/60)
L2: =MOD(I2,60)
```

உங்கள் வண்டிக்கு I2-வில் 3275 வர வேண்டும். அதில் 2880 இரண்டு நாள், மிச்சம் 395-இல் 6 மணி, 35 நிமிடம்.

கட்டம்_கட்டி
எதற்கு இத்தனை பத்தி? INT, HOUR, MINUTE மூன்றையும் நேராக வித்தியாசத்தின் மேல் போட்டால் முடிந்தது.

ஆறாம்_விரல்
பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் நேரம் பின்னமாக இருப்பதால், அந்த நேரமே வேறொரு கணக்கிலிருந்து வந்திருந்தால், சரியாக 24 மணி நின்ற வண்டிக்கு வித்தியாசம் 1-க்குப் பதில் 0.99999999999 என்று நிற்கலாம். திரையில் 1 என்றே தெரியும், INT போட்டால் 0 நாள். இலவச நேரம் முடியும் எல்லையில் பில் மாறுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் ROUND முதலில்.

லண்டன்_இரவுப்பணி
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இங்கே மருத்துவமனையில் இரவுப்பணி. 2025 மார்ச் 29 இரவு 20:00-லிருந்து 30 காலை 08:00 வரை ஷீட் 12 மணி காட்டுகிறது. அன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், வேலை செய்தது 11 மணிதான். அக்டோபர் 26-க்கு நேர்மாறாக 13 மணி. இதற்குப் பார்முலா உண்டா?

ஆறாம்_விரல்
எக்செல்லுக்குக் கடிகார மாற்றம் தெரியாது, செல்லில் இருப்பதை மட்டும் கழிக்கும். இரண்டு நேரத்தையும் யூடிசி-யில் பதிந்து கழித்தால் சரியாக வரும். இந்தியாவில் வருடம் முழுக்க ஒரே நேரம் என்பதால் லாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் சம்பளம் எந்த மணிக் கணக்கில் வருகிறது என்பதை உங்கள் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

ஷிப்ட்_மணி
வருடத்தில் இரண்டு இரவுதானே, கையால் திருத்திவிடுங்கள்.

நாமக்கல்_லோடு
3275 வந்தது. 2, 6, 35. #VALUE! எல்லாம் போய்விட்டது. பகலில் வந்த வண்டிகளிலும் இரண்டு வரிசை தவறாக இருந்தது, மாற்றிவிட்டேன். பில் கிளம்பிவிட்டது, நன்றி சார்.

வாடகை_ரசீது
கடைசியில் எப்படிப் போட்டீர்கள், 24 மணிக் கணக்கா, தேதிக் கணக்கா? பார்ட்டி ஏற்றுக்கொண்டால் இங்கே எழுதுங்கள்.