எங்கள் குழுவுக்கு ஒரு பொது வரைபடம்: பத்து லேயரும் தீர்ந்துபோச்சு, இனி என்ன செய்ய?

புதுக்குடித்தனம்:
வணக்கம். இங்கே வந்து நாலு மாசம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் முப்பது தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் அதே கேள்விகள்தான்: எந்த கிளினிக்கில் புது நோயாளிகளை எடுத்துக்கொள்கிறார்கள், எந்த நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை நேரம் உண்டு, வண்டியை எங்கே நிறுத்தினால் அபராதம் வராது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் கூகுள் மை மேப்ஸில் ஒரு வரைபடம் ஆரம்பித்தேன்.

கிளினிக்குக்கு ஒரு லேயர், பல் மருத்துவருக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, நூலகம், பூங்கா, பள்ளி, அலுவலகங்கள், பார்க்கிங் என்று எட்டு ஆயிற்று. பள்ளிக்கு நடந்து போகும் வழி இரண்டு போட்டேன். அதோடு Add layer வேலை செய்வதை நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு, எல்லோரும் சேர்க்கட்டுமே என்று திருத்தும் லிங்கையே குழுவில் போட்டிருந்தேன். நேற்றுப் பார்த்தால் நூலகத்துக்குப் போட்டிருந்த பின் குறி ஏரிக்கு நடுவில் நிற்கிறது! யார் நகர்த்தினார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

ஜன்னலோரம்:
இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? சாதாரண கூகுள் மேப்ஸ் ஆப்பில் லிஸ்ட் போட்டு ஷேர் பண்ணுங்க. ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பு எழுதலாம், போனிலேயே எல்லாரும் சேர்க்கலாம். நாங்க அப்படித்தான் வெச்சிருக்கோம். ரெண்டும் ஒண்ணுதான்.

பழைய நிலஅளவையர்:
ஜன்னலோரம் சொல்வதில் பாதி சரி. இருபது முப்பது இடங்கள்தான், எல்லாமே ஏற்கெனவே கூகுளில் இருக்கும் கடை கண்ணிகள் என்றால் லிஸ்ட் தாராளமாகப் போதும், போனில் அதுதான் சுலபமும்கூட. ஆனால் லிஸ்ட்டில் லேயர் கிடையாது, கோடு வரைய முடியாது, ஒரு பரப்பை நிழலிட்டுக் காட்டவும் முடியாது. "இந்தத் தெருவின் இந்தப் பக்கம் மட்டும் வண்டி நிறுத்தலாம்" என்று காட்ட மை மேப்ஸ் போல ஒன்று வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். யார் நகர்த்தினார்கள் என்று தெரியாது. கூகுள் டாக்ஸில் இருப்பது போன்ற பழைய பதிப்பு வரலாறு மை மேப்ஸில் இல்லை. திருத்துகிறவர் அந்த நேரத்திலேயே Ctrl+Z அழுத்தினால் உண்டு, பக்கத்தை மூடிவிட்டால் போனது போனதுதான். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். வரைபடத்தைத் தள்ளிப் பார்க்க நினைத்து சுட்டியை ஒரு பின்மேல் வைத்து இழுத்திருப்பார்கள், பின்னும் கூடவே போயிருக்கும். முதல் வேலையாக Share-இல் போய் லிங்க் வைத்திருப்பவர்கள் பார்க்க மட்டும் முடியும்படி மாற்றுங்கள். திருத்தும் உரிமையை இரண்டு மூன்று பேருக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தனியாகத் தாருங்கள். அந்த உரிமை முழு வரைபடத்துக்கும் சேர்த்துத்தான், லேயர் லேயராகப் பிரித்துக் கொடுக்க முடியாது.

லேயர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். ஒரு வரைபடத்துக்குப் பத்து லேயர்தான். இடத்தின் வகையைக் காட்ட லேயர் தேவையில்லை, அதற்கு நிறம் போதும். மருத்துவம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே லேயரில் போட்டு, "வகை" என்று ஒரு பத்தி வையுங்கள். லேயர் பெயருக்குக் கீழே இருக்கும் Uniform style என்பதை அழுத்தி Style by data column-இல் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தால் கிளினிக் ஒரு நிறம், பல் மருத்துவர் ஒரு நிறம் என்று தானே பிரிந்துவிடும். லேயரை யார் பராமரிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பிரியுங்கள். மருத்துவத்துக்கு ஒருவர், குழந்தைகள் சம்பந்தமானதற்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர். மூன்று நாலு லேயரில் முடிந்துவிடும்.

நடைவழி இரண்டும் தனித்தனி லேயராக ஆனதற்குக் காரணம், நீங்கள் Add directions அழுத்தியிருப்பீர்கள். அது ஒவ்வொரு முறையும் ஒரு லேயரை விழுங்கும். Draw a line-இல் Add line or shape எடுத்துக் கையால் வரைந்தால், இருக்கிற லேயருக்குள்ளேயே கோடு உட்கார்ந்துகொள்ளும்.

மேற்கு வாசல்:
எங்கள் புதுக் குடியிருப்புக்குப் போகும் சாலையே கூகுளில் இல்லை. அதை எந்த லேயரில் போட்டால் டெலிவரி ஆட்களுக்குத் தெரியும்?

பழைய நிலஅளவையர்:
எந்த லேயரில் போட்டாலும் தெரியாதுங்க. நம் வரைபடம் கூகுளின் மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரி, நம் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். அடியில் இருக்கும் படத்தில் சாலை வர வேண்டுமென்றால் கூகுள் மேப்ஸில் Edit the map வழியாகத் தெரிவிக்க வேண்டும். அது வேறு வேலை.

புதுக்குடித்தனம்:
நன்றி அண்ணா, பெரிய தலைவலி போச்சு. பழையதை ஓரங்கட்டிவிட்டு எல்லாவற்றையும் எக்செலில் எழுதினேன். மொத்தம் 46 வரிகள். பத்திகள் இவை:

```
பெயர்,வகை,முகவரி,குறிப்பு,சரிபார்த்த நாள்
```

CSV ஆகச் சேமித்து Import கொடுத்தேன். இரண்டு வினோதங்கள். ஒன்று, தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தது. இன்னொன்று, இறக்குமதி முடிந்ததும் எங்கள் ஊர் தெரிவதற்குப் பதில் பாதி கண்டமே திரையில் தெரிந்தது. ஐந்து வரிகளைக் காட்ட முடியவில்லை என்றும் சொல்கிறது.

பழைய நிலஅளவையர்:
கேள்விக்குறிக்குக் காரணம் எக்செல் சேமித்த விதம். Save As-இல் வெறும் CSV என்று இருப்பதை விட்டுவிட்டு CSV UTF-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்த கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, மூல எக்செலிலிருந்து மறுபடி சேமிக்க வேண்டும். அதைவிடச் சுலபம், கூகுள் ஷீட்டில் எழுதி டிரைவிலிருந்து நேராக இறக்குவது. அதில் இந்தத் தொல்லையே வராது.

கண்டம் தெரிந்தது நல்ல அறிகுறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி முடிந்ததும் எல்லாப் பின்களும் அடங்கும்படி படம் விரிகிறது. அது ஊரை விட்டு விரிந்தால், ஏதோ ஒரு பின் தப்பி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். முகவரிப் பத்தியில் தெருப் பெயரை மட்டும் எழுதியிருப்பீர்கள், அதே பெயரில் வேறு ஊரிலும் தெரு இருக்கும். ஊர், அஞ்சல் குறியீடு, நாடு மூன்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். காட்ட முடியாத ஐந்தும் Open data table-இல் தனித்துத் தெரியும், அங்கேயே திருத்தலாம்.

முகவரி சரியாக இருந்தும் பின் தவறான வாசலில் நிற்பது இதைவிட மோசம், ஏனென்றால் பார்க்கிறவருக்குத் தவறு என்றே தெரியாது. பெரிய மருத்துவ வளாகம் என்றால் பின் கட்டடத்தின் நடுவில் விழும், அவசரப் பிரிவு வாசல் பின்பக்கத் தெருவில் இருக்கும். அப்படிப்பட்ட இடங்களுக்கு கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, வாசல்மேல் வலது சொடுக்கு சொடுக்கினால் மேலே இரண்டு எண்கள் வரும். அவற்றை அழுத்தினால் நகலாகிவிடும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. ஷீட்டில் இரண்டு தனிப் பத்திகளில் போட்டு, இறக்கும்போது முகவரிக்குப் பதில் அந்த இரண்டையும் டிக் செய்யுங்கள். மாற்றிப் போட்டால் பின் வேறு நாட்டிலோ கடலிலோ விழும்.

முக்கியமாக ஒன்று. ஷீட்டில் நாளைக்கு ஒரு வரியை மாற்றினால் வரைபடம் தானாக மாறாது. இறக்கியது அந்த நேரத்து நகல்தான். லேயரின் மூன்று புள்ளியில் Reimport and merge உண்டு. ஆனால் இதற்குள் வரைபடத்தில் நேரடியாக யாராவது பின்னை நகர்த்தியிருந்தால், அதுவும் ஷீட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் ஷீட்டில் மட்டும் திருத்துவது அல்லது வரைபடத்தில் மட்டும் திருத்துவது என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஷீட் கட்சி. ஷீட்டில் யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் கிடைக்கும், உங்கள் ஏரி மர்மத்துக்கு அதுதான் மருந்து. கையால் வரைந்த கோடுகள் ஷீட்டில் அடங்காதே, அவற்றுக்காக மாதம் ஒரு முறை Export to KML/KMZ கொடுத்து ஒரு நகல் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைவண்டி அம்மா:
என் அனுபவத்தையும் சொல்றேன். இரட்டைக் குழந்தைகள், தள்ளுவண்டி அகலமானது. எங்க குழு வரைபடத்துல பள்ளிக்கு "குறுக்கு வழி"ன்னு கோடு போட்டிருந்தாங்க. போய்ப் பார்த்தா முப்பது படிக்கட்டு! திரும்பி வந்து சுத்திப் போனதுல முதல் நாளே லேட். கோடு வரையுறவங்க குறிப்புல படி இருக்கா, இரவுல வெளிச்சம் உண்டான்னு ஒரு வார்த்தை எழுதுங்கப்பா. நான் இப்போ படியில்லாத வழிகளைப் பச்சையில வரைஞ்சு வெச்சிருக்கேன்.

அப்புறம், போன்ல திருத்த முடியலையே, ஆப் ஏதாவது இருக்கா?

பழைய நிலஅளவையர்:
மை மேப்ஸுக்கு ஆண்ட்ராய்டு ஆப் இருந்தது அம்மா, 2021-இல் நிறுத்திவிட்டார்கள். திருத்த கணினிதான் சௌகரியம். பார்ப்பதற்குப் போன் போதும். லிங்கை ஒரு தடவை திறந்தால், அதே கணக்கில் கூகுள் மேப்ஸ் ஆப்பின் You பகுதியில் Maps என்பதற்குக் கீழே கிடைக்கும். இணையம் இல்லாத இடத்தில் நம் லேயர்கள் தெரியாது. ஆஃப்லைன் படம் இறக்கி வைத்திருந்தாலும் அடிப்படம் மட்டும்தான் வரும்.

ஜன்னலோரம்:
சரி, ஒத்துக்கறேன், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா லேயருக்கு லேயர் தனி உரிமை வேணும்னா யூமேப் இருக்கே? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல ஓடுறது, இலவசம், கணக்கே வேண்டாம்.

பழைய நிலஅளவையர்:
நல்ல யோசனை. அதில் லேயர்வாரியாக உரிமை கொடுக்கலாம், லேயரின் பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியும். ஆனால் கணக்கில்லாமல் உருவாக்கினால் ஒரு ரகசியத் திருத்து லிங்க் தருவார்கள், அதைத் தொலைத்தால் திருத்தும் உரிமையும் போய்விடும். கணக்கு திறந்தே செய்யுங்கள். முகவரியை மட்டும் வைத்துப் பின் போடுவதில் கூகுள் கை தேர்ந்தது. யூமேப்பில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு போனால்தான் நிம்மதி.

மேற்கு வாசல்:
குழுவில் உள்ளவர்கள் வீடுகளையும் ஒரு லேயராகப் போட்டால் அவசரத்துக்கு யாரைத் தட்டுவது என்று தெரியுமே?

இரட்டைவண்டி அம்மா:
வேண்டவே வேண்டாம். லிங்க் எங்கே எங்கே போகும்னு யாருக்குத் தெரியும்? தனியா இருக்கற பொண்ணுங்க குழுவுல இருக்காங்க.

மேற்கு வாசல்:
தனி வரைபடமாக, பெயரில்லாமல், தெரு அளவில் மட்டும்?

பழைய நிலஅளவையர்:
முப்பது குடும்பத்தில் தெரு தெரிந்தாலே வீடு தெரிந்த மாதிரி. லேயரை மறைத்து வைத்தாலும் பயனில்லை, லிங்க் உள்ளவர் டிக் போட்டுத் திறந்துகொள்வார். தனி வரைபடம், மின்னஞ்சல் வழியாக மட்டும் அனுமதி, அதுவும் சம்மதித்தவர்கள் மட்டும் என்றால் யோசிக்கலாம். இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்கள் குழுவே பேசி முடிவெடுக்கட்டும்.

புதுக்குடித்தனம்:
இப்போதைக்கு நான்கு லேயர், 46 பின்களும் ஊருக்குள் வந்துவிட்டன. மூன்றின் வாசலை எண் போட்டு மாற்றினேன். "சரிபார்த்த நாள்" பத்தியைப் பார்த்துவிட்டு ஒருவர் போனில் விசாரித்தார், கிளினிக் இரண்டில் இப்போது புது நோயாளிகளை எடுப்பதில்லையாம். அந்தப் பின்களை நீக்காமல் சாம்பல் நிறமாக்கி, குறிப்பில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வீடுகள் லேயர் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்கிறேன். நூலகத்தை ஏரியில் தள்ளியது தான்தான் என்று என் மனைவி இப்போதுதான் ஒத்துக்கொண்டாள்.