சென்னை விமான நிலையத்தில் .22 ரைஃபிளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், எங்கே தப்பு?

சத்துவாச்சாரி சுடுநர்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் போட்டிக்காகக் கிளம்பினேன். வேலூரிலிருந்து கார், சென்னையிலிருந்து விமானம். லைசென்ஸ் என் பெயரில், இந்தியா முழுக்கச் செல்லும். கெட்டியான பெட்டி, இரண்டு பூட்டு, போல்ட்டைக் கழற்றித் தனியாக ஃபோமுக்குள் வைத்திருந்தேன். தோட்டாப் பெட்டி எட்டும் அதே பெட்டிக்குள். ஒரு ஜிப் பையில் கொஞ்சம் உதிரித் தோட்டாவும் இருந்தது. பெட்டி பெல்ட்டில் போய் ஸ்கேனில் தெரிந்த பிறகுதான் விசாரித்தார்கள். முக்கால் மணி நேரப் பேச்சு, விமானம் போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடி போகணும். என்ன மாற்றணும்?

வாலாஜா ரவி:
பூட்டு நல்ல பூட்டாக இருந்தால் போதும் தம்பி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பதுதான் பாதுகாப்பு. எடை கூடினால் கூட வருகிற நண்பர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டை பழைய கிளப் ஆள்:
ரவி, பூட்டு சரி. மற்ற இரண்டும் சரியில்லை. ஆளுக்கு மொத்தம் 5 கிலோ தோட்டா என்பது உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் பொது வரம்பு. அந்த 5 கிலோவில் அட்டைப்பெட்டி எடையும் சேரும். இருவர் பங்கை ஒரே பொட்டலமாகக் கட்டக்கூடாது.

சத்துவாச்சாரி தம்பி, உங்கள் தப்பு பெட்டியில் பாதி, நேரத்தில் பாதி. கவுண்டருக்குப் போனதும், பை பெல்ட்டில் ஏறும் முன்பே, "என்னிடம் துப்பாக்கியும் தோட்டாவும் இருக்கிறது" என்று நீங்களே சொல்லியிருக்கணும். அசல் லைசென்ஸைக் கையோடு நீட்டுங்கள். ஸ்கேனில் அவர்கள் கண்டுபிடித்தால் அது வேறு கதையாகிவிடும். பெட்டியைத் திறந்து சேம்பர் காலி என்று காட்டச் சொல்வார்கள், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கணும்.

தோட்டாவைத் துப்பாக்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். தொழிற்சாலை அட்டைப்பெட்டியோடு வேறொரு பூட்டிய சின்னப் பெட்டியில், அதையும் செக்-இன் சாமானாக. உதிரித் தோட்டா வேண்டவே வேண்டாம். உங்கள் எட்டுப் பெட்டி 400 தோட்டா, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான், எடையில் பிரச்சினை இல்லை. 12 போர்காரர்களுக்குத்தான் கஷ்டம், 25 தோட்டா அடங்கிய பெட்டி ஒரு கிலோவை ஒட்டி வரும். ஐந்து வைத்தாலே விளிம்பு.

குடியாத்தம் ஏர்கன்:
என் பையனுக்கும் இதேதான் சார்! ஏர் ரைஃபிள் சிலிண்டரைக் காற்றோடு எடுத்துப்போக விடவில்லை. 4.5 மில்லிமீட்டருக்கே இவ்வளவா? பெல்லட் டப்பாவையும் திறக்கச் சொன்னார்கள்.

ராணிப்பேட்டை பழைய கிளப் ஆள்:
உங்களுடையது வேறு விஷயம் அம்மா. அவருடையது வெடிமருந்துத் தோட்டா, உங்களுடையது அழுத்தக் காற்று. சிலிண்டரைக் காலி பண்ணி, அது காலி என்று தெரியும்படி எடுத்துப்போங்கள். ரேஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியானாலும் கவுண்டரில் சொல்லத்தான் வேண்டும்.

வாலாஜா ரவி:
சரி, பங்கு விஷயம் எனக்குத் தெரியாது. கார் பயணத்துக்கு ஏதாவது இருக்கிறதா? டிரைவரிடம் கொடுத்து முன்னாடியே அனுப்பலாமே?

ராணிப்பேட்டை பழைய கிளப் ஆள்:
அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். லைசென்ஸ்காரர் கூடவே இருந்தாலோ எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ மட்டும் இன்னொருவர் தூக்கலாம். அதுவும் ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, லைசென்ஸ்காரரே பயன்படுத்தவோ இருக்கணும். டிரைவருக்கு எதற்கு அந்தத் தலைவலி? டிக்கியில் பூட்டி வையுங்கள், போல்ட் வெளியே, தோட்டா தனியாக. ஸ்ரீபெரும்புதூரில் டிபன் சாப்பிட இறங்கினால் ஒருவர் காரிலேயே இருக்கட்டும்.

ஒன்று மறந்தேன். பெங்களூரு விமானம் மலிவு என்று ஓசூர் வழியாகப் போகிறவர்கள் லைசென்ஸில் எந்த மாநிலம் வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் அத்திப்பள்ளி தாண்டியதும் சிக்கல்.

கடைசியாக, கையில் கொண்டுபோகும் பை. ரேஞ்சுக்குப் போகிற பையை அதற்கு எடுக்காதீர்கள். நான் கிளம்புமுன் ஜாக்கெட், கையுறை, பை எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டின் மேல் கவிழ்த்து உதறுவேன். போன வருடம் கையுறை மடிப்பிலிருந்து "டிங்" என்று ஒரு தோட்டா விழுந்தது! அது கேபின் ஸ்கேனில் விழுந்திருந்தால் ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவுதான்.

சத்துவாச்சாரி சுடுநர்:
மிக்க நன்றி ஐயா. தட்டு வேலையை இன்றே செய்தேன், ஒரு காலிக் கூடு கிடைத்தது! விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். லைசென்ஸ் நகலும் போட்டி அழைப்புக் கடிதமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். தோட்டா எத்தனை என்பதற்கு மட்டும் "கவுண்டரில் பார்க்கலாம்" என்று பதில். என்னோடு வருகிற நண்பரிடம் வேறொரு கவுண்டரில் 50 தோட்டாதான் என்றார்களாம். போட்டிக்கு 50 எப்படிப் போதும்?

ராணிப்பேட்டை பழைய கிளப் ஆள்:
எனக்கும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கையைக் குறிப்பிட்டு மறுபடி மெயில் போடுங்கள், பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கொஞ்சமாக எடுத்துப்போய், மீதியை ரேஞ்சில் வாங்க முடியுமா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். எப்படியும் மூன்று மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள்.